ஆண்டுத் தேர்வுச் சுற்றறிக்கை: பெற்றோர் திரும்பப் போன் செய்து கேட்காதபடி எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆண்டுத் தேர்வுச் சுற்றறிக்கையை இந்த முறை நான் எழுத வேண்டும். தேர்வு அட்டவணை, சீருடை, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற மூன்றும் அதில் வர வேண்டுமாம். போன வருடச் சுற்றறிக்கையில் எல்லாம் இருந்தும் பெற்றோர் போன் செய்துகொண்டே இருந்தார்கள். எப்படி எழுதினால் சரியாக இருக்கும்?

பதில்:

பழைய சுற்றறிக்கையை எடுத்து, அதில் நேரம் எப்படி எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அநேகமாக "தேர்வு காலை 9.30 மணிக்குத் தொடங்கும். மாணவர்கள் உரிய நேரத்தில் வர வேண்டும்" என்றுதான் இருக்கும். போன் வருவதற்கு அந்த இரண்டு வாக்கியங்களே போதும். 9.30 என்பது கேட் மூடும் நேரமா, மணி அடிக்கும் நேரமா, வினாத்தாள் கொடுக்கும் நேரமா, எழுதத் தொடங்கும் நேரமா? பள்ளிக்குள் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். வீட்டில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. "உரிய நேரம்" என்பதை ஒருவர் 9.00 என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் 9.25 என்று எடுத்துக்கொள்வார். இருவர் மேலும் தப்பில்லை.

அதனால் எழுத உட்காருவதற்கு முன்னால் தேர்வுப் பொறுப்பாசிரியரிடம் போய், எழுதத் தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 9.30-க்கு எழுதத் தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வினாத்தாளை வாசிக்க 10 நிமிடம் கொடுப்பதாக இருந்தால் 9.20-க்கு வினாத்தாள் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன் விடைத்தாள் கொடுத்து, பெயர், வகுப்பு, வரிசை எண் எல்லாம் எழுதி முடிக்க 5 நிமிடமாவது ஆகும். ஆக 9.15-க்குப் பிள்ளைகள் தங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தேர்வு நாளில் யாரும் வழக்கமான வகுப்பறையில் உட்காருவதில்லை. அறிவிப்புப் பலகையில் அறை எண்ணைத் தேடி, மாடி ஏறி, பையை வெளியே வைத்து, கழிப்பறைக்கும் போய்விட்டு வர 15 நிமிடம் வேண்டும். ஆக, பிள்ளை கேட்டுக்குள் வந்துசேர வேண்டிய நேரம் 9.00. பெற்றோருக்குத் தேவையானது இந்த 9.00-தான். அதைப் பெரிதாக, மேலே போடுங்கள். 9.30 அடுத்த வரியில் வந்தால் போதும்.

கேட் எப்போது திறக்கும் என்பதையும் எழுதுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் அவசரத்தில் 7.45-க்கே பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் பெற்றோர் எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஆசிரியர்கள் யாரும் வராத நேரத்தில் பிள்ளைகள் வாசலில் நிற்பது பாதுகாப்பு இல்லை. "8.30-க்குக் கேட் திறக்கும், அந்த நேரத்திலிருந்து மேற்பார்வைக்கு ஆசிரியர் இருப்பார்" என்று எழுதிவிட்டால், அதற்கு முன் விட முடியாது என்பது அவர்களுக்கே புரியும்.

இனி தாமதமாக வருகிறவர்கள் விஷயம். சுற்றறிக்கையிலேயே கவனமாக எழுத வேண்டிய இடம் இதுதான். "தாமதமாக வருபவர்கள் அனுமதிக்கப்பட மாட்டார்கள்" என்று எழுதுவது சுலபம். ஆனால் 9.05-க்கு வியர்த்து ஓடிவரும் பிள்ளையை எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்புவதில்லை, அனுப்பவும் கூடாது. நடைமுறையில் செய்யப்போவதில்லை என்றால் தாளிலும் எழுதாதீர்கள். ஒரு நாள் அந்த விதி மீறப்படுவதைப் பெற்றோர் பார்த்துவிட்டால், மற்ற விதிகளையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

தாமதத்துக்கு ஓர் எல்லை வேண்டும்தான். அதை எங்கே வைப்பது என்பதற்குக் காரணம் இருக்கிறது. சீக்கிரம் எழுதி முடித்த மாணவர் எப்போது வெளியே போகலாம் என்று ஒரு நேரம் வைத்திருப்பீர்கள். தாமதமாக வருகிறவரை உள்ளே விடும் கடைசி நேரம் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால், வினாத்தாளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவரும் இன்னும் பார்க்காமல் உள்ளே போகிறவரும் வராந்தாவில் சந்தித்துக்கொள்வார்கள். எழுதத் தொடங்கி அரை மணி நேரம், அதாவது 10.00 வரை யாரும் வெளியே போகக் கூடாது என்று வைத்தால், 10.00 வரை யாரையும் உள்ளே விடலாம். இரண்டுக்கும் ஒரே நேரம் என்பதால் பிள்ளைகளுக்கும் நினைவில் நிற்கும். இந்தக் காரணத்தைச் சுற்றறிக்கையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்தால் யாரும் வாசலில் வாக்குவாதம் செய்வது குறையும்.

ஒரு பிள்ளை 9.42-க்கு வருகிறாள் என்று வைத்து, நீங்கள் எழுதிய விதியைச் சோதித்துப் பாருங்கள். கேட் காவலர் அவளை உள்ளே விடுவாரா? விட வேண்டும், இன்னும் 10.00 ஆகவில்லை. நேராகத் தேர்வு அறைக்குப் போகலாமா, அலுவலகத்தில் சீட்டு வாங்க வேண்டுமா? சீட்டு என்றால் அதற்கு இன்னும் சில நிமிடம் போகும், அந்த நேரம் அவளுடையது. அதனால் நேராக அறைக்குப் போகட்டும், தாமதமாக வந்த நேரத்தை அறைக் கண்காணிப்பாளர் குறித்துக்கொள்வார் என்று வைப்பதே நல்லது. கூடுதல் நேரம் உண்டா? இல்லை, 12.00-க்கு எல்லோரோடும் விடைத்தாளைக் கொடுக்க வேண்டும். பள்ளி வேனே தாமதமாக வந்திருந்தால்? அப்போது கூடுதல் நேரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் தவறு பள்ளியுடையது. 10.10-க்கு வந்தால்? தேர்வு அறைக்குப் போக முடியாது. ஆனாலும் அவளைக் கேட்டிலிருந்து திருப்பி அனுப்பக் கூடாது. அலுவலகத்தில் உட்கார வைத்து வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் உங்கள் தாளைப் பார்த்தே கேட் காவலரால் பதில் சொல்ல முடிந்தால் அந்தப் பகுதி சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அச்சடித்ததும் அவர் கையில் ஒரு பிரதியைக் கொடுங்கள். காலையில் முடிவெடுப்பவர் அவர்தான்.

ஒன்று மட்டும் கவனம். பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவர்களுக்கு நேரத்தையும் தாமத விதியையும் தேர்வு நடத்தும் வாரியம் வைக்கிறது, பள்ளியால் தளர்த்த முடியாது. அவர்களுக்குத் தனிச் சுற்றறிக்கை அனுப்புங்கள். ஒரே தாளில் இரண்டையும் போட்டால் யாராவது ஒருவர் தப்பான விதியைப் படிப்பது நிச்சயம்.

அட்டவணைக்கு வருவோம். இதில் அடிக்கடி நடக்கும் பிழை, தேதியும் கிழமையும் பொருந்தாமல் போவது. போன வருடக் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றுவதால் வருவது இது. சாதாரண ஆண்டில் ஒரே தேதி அடுத்த வருடம் ஒரு கிழமை தள்ளிப் போகும், இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளிப் போகும். 2025 மார்ச் 10 திங்கள். 2026-இல் அதே தேதி செவ்வாய். "மார்ச் 10, திங்கள்" என்று பழையபடியே அச்சாகிவிட்டால், தேதியை நம்புகிறவர் ஒரு நாள் வருவார், கிழமையை நம்புகிறவர் இன்னொரு நாள் வருவார். அதற்காகக் கிழமையை விட்டுவிடாதீர்கள். வீட்டில் எல்லோரும் கிழமையைச் சொல்லித்தான் பேசுகிறார்கள். காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இன்னொருவரை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

அடுத்தது, எல்லா வகுப்புகளையும் ஒரே பெரிய கட்டத்துக்குள் அடைப்பது. ஆசிரியர் அறையில் ஒட்ட அது வசதி. பெற்றோர் போனில் அதைப் பெரிதாக்கி இழுத்து இழுத்துப் பார்க்கும்போது பாடம் ஒரு பக்கமும் தேதி இன்னொரு பக்கமும் போய்விடும், பக்கத்து வகுப்பின் வரிசையைப் படித்துவிடுவார்கள். வகுப்புப் பிரிவுக்கு ஒரு தாள், நாளுக்கு ஒரு வரி என்று பிரித்துவிடுங்கள். தேர்வு இல்லாத நாட்களையும் வரியாகவே போடுங்கள். இடைப்பட்ட செவ்வாய்க்கிழமை கட்டத்தில் வெறும் கோடு இருந்தால், அன்று பள்ளி உண்டா, படிப்பு விடுப்பா என்று கேட்காமல் பெற்றோர் என்ன செய்வார்கள்?

அப்புறம், தேர்வு முடியும் நேரம். என் அனுபவத்தில் அதிகமாகப் போன் வருவது இதற்குத்தான், சுற்றறிக்கைகளில் அதிகமாக விடுபடுவதும் இதுதான். வழக்கமாக 3.30-க்கு விடும் பள்ளி தேர்வு நாளில் 12.00-க்கே விட்டுவிடும். வேலையில் இருக்கும் பெற்றோருக்கு மூன்றரை மணி நேர இடைவெளி வந்து நிற்கிறது. வேன் 12.15-க்குக் கிளம்புமா, வழக்கம்போல 3.30-க்கா? பிள்ளை அதுவரை பள்ளியில் இருக்கலாமா? சாப்பாடு கொடுத்து அனுப்ப வேண்டுமா? 7-ஆம் வகுப்பில் ஒரு மகள், 4-ஆம் வகுப்பில் ஒரு மகன் உள்ள வீட்டை நினைத்துப் பாருங்கள். மகனுக்குத் தேர்வு 11.00-க்கே முடிந்துவிடும், மகளுக்கு 12.00. அந்த ஒரு மணி நேரம் மகன் எங்கே இருப்பான் என்று தாளில் இருக்க வேண்டும். காலையில் ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு என்று தேர்வு வைத்தால், வெளியே போகிறவர்களும் உள்ளே வருகிறவர்களும் ஒரே கேட்டில் முட்டிக்கொள்வார்கள். இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரமாவது விடுங்கள், இல்லை தனித்தனி வாசல் சொல்லுங்கள்.

சீருடைக்கு அவ்வளவு நீளம் தேவையில்லை, ஆனால் "முழுச் சீருடையில் வர வேண்டும்" என்பதோடு நிறுத்திவிடவும் முடியாது. வாரத்தில் ஒரு நாள் விளையாட்டுச் சீருடை போடும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. புதன்கிழமை அது என்றால், புதன்கிழமைத் தேர்வுக்கு எதைப் போடுவது? "எல்லாத் தேர்வு நாளிலும், புதன்கிழமை உட்பட, வழக்கமான சீருடை" என்று எழுதினால் தீர்ந்தது. அதோடு அடையாள அட்டையைச் சீருடை வரியிலேயே சேர்த்துவிடுங்கள். தேர்வு அறையில் ஒரு பெஞ்சில் 6-ஆம் வகுப்பும் 8-ஆம் வகுப்பும் கலந்து உட்கார்ந்திருக்கும், கண்காணிப்பவர் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்காதவராகவும் இருக்கலாம். அவருக்கு டையைவிட அடையாள அட்டைதான் முக்கியம்.

ஸ்மார்ட் வாட்ச் கூடாது என்று எழுதுவீர்கள், சரிதான். சாதாரண முள் கடிகாரம் போடலாமா என்பதையும் சொல்லுங்கள். அதுவும் கூடாது என்றால் ஒவ்வொரு அறையிலும் ஓடுகிற சுவர்க் கடிகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேரமே தெரியாமல் ஒரு பிள்ளையை இரண்டரை மணி நேரம் எழுதச் சொல்வது நியாயமில்லை.

சீருடை சரியில்லாமல் வந்தால் என்ன ஆகும் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். என் கருத்தில் இதற்கு ஒரே பதில்தான்: பிள்ளை தேர்வு எழுதும், பள்ளி பெற்றோரிடம் பேசும். ஷூ நனைந்துவிட்டது, பெல்ட் அறுந்துவிட்டது என்பதற்காகத் தேர்வு நாள் காலையில் ஒரு பிள்ளையை வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினால், அது அழுத கண்ணோடுதான் வினாத்தாளைப் பிரிக்கும். தேர்வில் நாம் அளக்க நினைப்பது பெல்ட்டை அல்ல. இதைத் தாளில் வெளிப்படையாக எழுதிவிட்டால் வீட்டிலும் பதற்றம் குறையும், வாசலில் நிற்கும் ஆசிரியருக்கும் தெளிவு இருக்கும். காயம், தோல் ஒவ்வாமை, மதக் காரணம் என்று வேறு உடை தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் சொன்னால் போதும் என்று ஒரு வரி சேருங்கள்.

மூன்றையும் சேர்த்தால் தாள் இப்படி வரும். நேரங்களையும் தேதிகளையும் உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆண்டுத் தேர்வு 2026: 6, 7, 8-ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

உங்கள் பிள்ளை தேர்வு நாளில் காலை 9.00 மணிக்குள் பள்ளிக்குள் இருக்க வேண்டும். எழுதத் தொடங்கும் நேரம் காலை 9.30. முடியும் நேரம் மதியம் 12.00.

மார்ச் 9, திங்கள்: தமிழ்
மார்ச் 10, செவ்வாய்: படிப்பு விடுப்பு, பள்ளி இல்லை
மார்ச் 11, புதன்: ஆங்கிலம்
மார்ச் 12, வியாழன்: படிப்பு விடுப்பு, பள்ளி இல்லை
மார்ச் 13, வெள்ளி: கணிதம்
மார்ச் 14, 15, சனி, ஞாயிறு: விடுமுறை
மார்ச் 16, திங்கள்: அறிவியல்
மார்ச் 17, செவ்வாய்: படிப்பு விடுப்பு, பள்ளி இல்லை
மார்ச் 18, புதன்: சமூக அறிவியல்

வருகை: கேட் காலை 8.30-க்குத் திறக்கும். அதற்கு முன் மேற்பார்வைக்கு யாரும் இருக்க மாட்டார்கள், பிள்ளைகளை விட்டுச் செல்ல வேண்டாம். அறை எண் நுழைவாயில் பலகையில் இருக்கும். 9.15-க்கு இடத்தில் அமர வேண்டும், 9.20-க்கு வினாத்தாள் தரப்படும்.

தாமதமாக வந்தால்: 10.00 வரை தேர்வு அறைக்குள் அனுமதி உண்டு. கூடுதல் நேரம் கிடையாது. பள்ளி வேன் தாமதமானால் மட்டும் அந்த நேரம் ஈடுசெய்யப்படும். 10.00-க்குப் பின் தேர்வு எழுத முடியாது, ஏனென்றால் அதன் பிறகு வினாத்தாளைப் பார்த்த மாணவர்கள் வெளியே வரத் தொடங்குவார்கள். அப்படி வரும் பிள்ளை அலுவலகத்தில் இருக்கும், உங்களுக்கு உடனே தகவல் தருவோம்.

சீருடை: எல்லாத் தேர்வு நாளிலும், புதன்கிழமை உட்பட, வழக்கமான சீருடையும் அடையாள அட்டையும். முள் கடிகாரம் அணியலாம், ஸ்மார்ட் வாட்சும் போனும் கூடாது. சீருடையில் குறை இருந்தாலும் பிள்ளை தேர்வு எழுதும். உடல்நிலை அல்லது வேறு காரணத்தால் மாற்று உடை தேவைப்பட்டால் வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லுங்கள்.

வீடு திரும்புதல்: பள்ளி வேன் 12.15-க்குக் கிளம்பும். நேரில் அழைத்துச் செல்பவர்கள் 12.30-க்குள் பின்வாசலுக்கு வாருங்கள். மாலை 3.30 வரை பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகள் நூலக அறையில் ஆசிரியரோடு இருப்பார்கள், மதிய உணவு கொடுத்து அனுப்புங்கள்.

உடல்நலமில்லை என்றால்: அன்று காலை 8.30-க்குள் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். மறுதேர்வு பற்றித் தலைமையாசிரியர் முடிவு செய்வார்.

பிள்ளை வீடு திரும்பும் முறையை (வேன் / பெற்றோர் / தனியாக / 3.30 வரை பள்ளியில்) கீழே குறித்து, பகல் நேரத்தில் எடுக்கும் ஒரு போன் எண்ணோடு மார்ச் 2, திங்களுக்குள் திருப்பி அனுப்புங்கள்.

தலைமையாசிரியர்

இவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கடைசியில் கிழித்துக் கொடுக்கும் சீட்டில் "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்து மட்டும் வாங்குவதால் பள்ளிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. வீடு திரும்பும் முறையையும் போன் எண்ணையும் கேட்டால், நூலக அறையில் எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை ஆசிரியர்கள் வேண்டும் என்ற கணக்கு முன்கூட்டியே கையில் வந்துவிடும்.

கட்டண பாக்கி, நூலகப் புத்தகம், அடுத்த ஆண்டுச் சேர்க்கை எதையும் இந்தத் தாளில் சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குறிப்பாகக் கட்டண பாக்கி பற்றிய வரி இருந்தால், பாக்கி வைத்திருக்கும் பெற்றோர் அதைத் தேர்வுக்கான நிபந்தனையாகப் படித்துவிடுவார்கள், அந்தக் கவலை பிள்ளைக்கும் போய்ச் சேரும். அதற்குத் தனிக் கடிதம் இருக்கட்டும்.

தேர்வுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் அனுப்புங்கள். அதைவிட முன்னால் அனுப்பினால் தாள் தொலைந்துபோகும், அதைவிடப் பின்னால் என்றால் வேலைக்குப் போகிறவர்கள் 12.00 மணிக்கு ஆள் ஏற்பாடு செய்ய முடியாது. ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தைய நாள் மாலை ஒரு வரி நினைவூட்டல் போதும்: "நாளை புதன், ஆங்கிலம், 9.00-க்குள் பள்ளியில், வழக்கமான சீருடை." அந்த நினைவூட்டலில் புதிதாக எந்த விதியையும் நுழைக்காதீர்கள்.

இடையில் ஏதாவது தேதி மாறினால், மாறிய வரியை மட்டும் அனுப்பும் ஆசை வரும். அப்படிச் செய்தால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பழைய தாளே கடைசி வரை ஜெயிக்கும். முழுத் தாளையும் திருத்தி, மேலே "திருத்தப்பட்டது, மார்ச் 4. இதற்கு முந்தைய தாளைக் கிழித்துவிடுங்கள்" என்று போட்டு, மாறிய வரியைத் தடித்த எழுத்தில் காட்டி, முடிந்தால் வேறு நிறத் தாளில் அச்சடித்து அனுப்புங்கள். கேட் காவலர் கையில் இருக்கும் பிரதியையும் அன்றே மாற்றிவிடுங்கள்.